ஒப்பந்தத்தில் நாய்க்கும் கேக்குக்கும் ஒரு பத்தி

வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்று தட்டச்சுக் கடையில் போய்க் கேட்டால், கணினியில் ஏற்கெனவே இருக்கும் நகலைத் திறந்து, பெயர், விலாசம், தொகை மூன்றையும் மாற்றி அச்செடுத்துக் கொடுப்பார்கள். அந்த நகலில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: ‘வீட்டைக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வளர்ப்புப் பிராணிகள் வைத்துக்கொள்ளவோ தொழில் செய்யவோ கூடாது.’ கொடுப்பவர், எடுப்பவர் இருவரும் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து மாடியில் நாய் குரைக்கும். சமையலறையில் ஓவன் ஓடும். வீட்டுக்காரருக்கும் அது தெரியும், வாடகைதாரருக்கும் அவருக்குத் தெரியும் என்று தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒப்பந்தங்கள் எழுதித் தருவது என் வேலை. இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது, அந்த ஒற்றை வரித் தடை வீட்டுக்கு நல்லதை விடக் கெடுதலையே அதிகம் செய்கிறது என்பதுதான். வைக்கக் கூடாத நாயை வைத்திருப்பவர், அது கதவைப் பிறாண்டிவிட்டது என்று எப்படிச் சொல்லுவார்? செய்யக் கூடாத தொழிலைச் செய்பவர், பிளக் கருகுகிறது என்று வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவார்? சின்னதாக இருக்கும்போதே சரிசெய்திருக்கக்கூடிய சேதம், காலி செய்கிற நாள்வரை மறைந்து கிடந்து பெரிதாகிறது. ஆகவே அனுமதிப்பதா மறுப்பதா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும். அனுமதிப்பதாக இருந்தால், அந்த அனுமதியை எப்படி எழுதினால் வீடு பிழைக்கும் என்பதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் எழுதிய ஓர் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்கிறேன். கீழே வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. மேலே இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. வாடகை 22,000 ரூபாய், அட்வான்ஸ் 66,000. குடிவர வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. மூன்று வயது நாட்டு நாய் ஒன்று அவர்களோடு இருந்தது. அந்தப் பெண் ஆர்டர் எடுத்து வீட்டிலேயே கேக் செய்கிறவர். இரண்டையும் அவர்கள் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள்.

“நாய் இருந்தா பரவாயில்ல தம்பி, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. ஆனா அந்தத் தேக்குக் கதவு எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு செய்ய வச்சது. அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது” என்றார் அம்மா.

நல்ல ஷரத்து இப்படித்தான் தொடங்க வேண்டும். ‘வீட்டுக்குச் சேதம் விளைவிக்கக் கூடாது’ என்று பொதுவாக எழுதினால் எதைப் பற்றியும் எழுதியதாகாது. எந்தக் கதவு, எந்தத் தரை, எந்த வடிகால் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். எழுத உட்காருவதற்கு முன் நாங்கள் நால்வரும் அந்த மாடி வீட்டை ஒருமுறை சுற்றி வந்தோம்.

நாயால் வீட்டுக்கு வரும் சேதம் பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும். முதலாவது கதவு. வாசலில் ஆள் சத்தம் கேட்டாலோ, தனியாக விட்டுப் போனாலோ நாய் கதவைப் பிறாண்டும். தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்குள்தான் கீறல் விழும். அதனால் அந்த உயரம் வரைக்கும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகட்டை வாடகைதாரர் தம் செலவில் ஒட்ட வேண்டும் என்றும், ஆணி அடிக்கக் கூடாது என்றும், காலி செய்யும்போது பசை மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதினோம். சில நூறு ரூபாய்த் தகடு அந்த அம்மாவின் கவலையில் பாதியைத் தீர்த்துவிட்டது.

இரண்டாவது தரை. இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இப்போதைய விட்ரிஃபைட் டைல்ஸில் நாயின் நகம் அவ்வளவு எளிதில் கீறல் போடாது. டைல்ஸ்களுக்கு நடுவில் உள்ள சிமென்ட் இடுக்குதான் பலவீனமான இடம். அது சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும். மேலே துடைத்தாலும் உள்ளே தங்கிய நெடி மழை நாளில் மறுபடி எழும். தரை மார்பிளாக இருந்தால் கவலை இன்னும் கூடுதல், ஏனென்றால் சுண்ணாம்புக் கல்லான அதில் கறை இறங்கிவிடும். இந்த நெடியைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவினால் நாய் செய்ததை விடப் பெரிய சேதத்தை ஆசிட் செய்துவிடும். மார்பிளின் பளபளப்பையும் சிமென்ட் இடுக்கையும் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசலும் கூடாது. சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். ஆகவே எந்தப் பொருளால் துடைக்க வேண்டும் என்பதையும் ஷரத்தில் எழுதிவிடுவது நல்லது. பிராணிகளின் கறைக்கென்றே விற்கும் என்சைம் திரவம் அந்த நெடிக்குக் காரணமான பொருளையே சிதைக்கிறது. ‘ஆசிட், பிளீச்சிங் இரண்டும் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தோம்.

மூன்றாவது இடம் பலருக்குத் தோன்றாதது: சுவர் வெடிப்பு. நாயின் மேல் ஒட்டும் பழுப்பு உண்ணி, ரத்தம் குடித்து முடித்ததும் கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் போய் முட்டையிடும். நாய் போன பிறகும் அது மாதக்கணக்கில் அங்கேயே உயிரோடு இருக்கும். அடுத்து குடிவரும் குடும்பத்துக்கு நாயே இல்லாவிட்டாலும் சுவரில் உண்ணி ஏறும். அதனால் நாய்க்கு உண்ணி மருந்து தவறாமல் போட வேண்டும், காலி செய்யும்போது உண்ணிக்கான மருந்து தெளிப்பு ஒருமுறை செய்து ரசீது தர வேண்டும் என்று எழுதினோம்.

பூனையாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அங்கே கதவை விட ஜன்னலின் கொசுவலைதான் முதலில் கிழியும். நைலான் வலைக்குப் பதிலாக ஸ்டீல் வலை போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தால் வலையும் தப்பும், பூனையும் மாடியிலிருந்து விழாது.

இனி அனுமதியின் வாசகம். ‘வளர்ப்பு நாய் வைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதினால், அது எந்த நாய், எத்தனை நாய் என்ற கேள்வி நாளைக்கு வரும். நாங்கள் எழுதியது இது: ‘ஏறத்தாழ மூன்று வயதுள்ள, பழுப்பு நிற, கருத்தடை செய்யப்பட்ட, இத்துடன் படம் இணைத்துள்ள ஒரு பெண் நாட்டு நாயை மட்டும் இவ்வீட்டில் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். இச்சம்மதம் வேறொரு பிராணிக்கோ, விருந்தினர் கொண்டுவரும் பிராணிக்கோ பொருந்தாது. மாநகராட்சி உரிமத்தையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் வாடகைதாரர் ஆண்டுதோறும் புதுப்பித்து நகல் தருவார். பால்கனியையும் மொட்டை மாடியையும் நாயின் கழிப்பிடமாகப் பயன்படுத்தக் கூடாது.’ கடைசி வரி அந்த அம்மாவுக்காகச் சேர்த்தது. மேல் பால்கனியைக் கழுவிவிடும் தண்ணீர் அவர் துணி காயப்போடும் இடத்தில்தான் வந்து விழும்.

குரைப்பதைப் பற்றியும் அம்மா கேட்டார். நாய் குரைக்கக் கூடாது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது. ‘நான்கு மணி நேரத்துக்கு மேல் நாயைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது’ என்று எழுத முடியும். தனியே விடப்படும் நாய்தான் ஓயாமல் குரைக்கிறது, கதவைப் பிறாண்டுகிறது. இரண்டுக்கும் அந்த ஒரு வரி போதும்.

அடுத்தது கேக். அதற்கு முன், தொழில் என்றால் எது என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அலுவலக வேலை பார்ப்பவருக்கு அனுமதி எதற்கு? நான் மூன்று கேள்விகளை வைத்துத்தான் கோடு போடுகிறேன். வேலையின் பொருட்டு வெளியாள் வீட்டுக்கு வருகிறாரா? விற்பதற்கான சரக்கு வீட்டில் சேர்கிறதா? ஒரு குடும்பம் சாதாரணமாகச் செலவழிப்பதை விட மின்சாரம், தண்ணீர், எரிவாயு கூடுதலாகச் செலவாகிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அனுமதியே வேண்டாம் என்று எழுதிவிடலாம். ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது முதல் கேள்வியில் மாட்டும். புடவை வாங்கி விற்பது இரண்டாவதில் மாட்டும். கேக் மூன்றிலும் மாட்டும்.

கேக் விஷயத்தில் என்னைப் பயமுறுத்துவது மின்சாரம். அந்தப் பெண்ணின் ஓவன் 2,000 வாட்ஸ். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சமையலறை மேடையில் மிக்ஸி போடும் சாதாரண பிளக் 6 ஆம்பியருக்கானது. அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓவனை மாட்டி மணிக்கணக்கில் ஓடவிட்டால் உள்ளே பித்தளை சூடாகி, முனை தளர்ந்து, பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். கையை வைத்தால் பிளக் சுடும், ஓட்டையைச் சுற்றி வெள்ளை நிறம் பழுப்பாகும், மீன் வாடை மாதிரி ஒரு நெடி வரும். இவற்றில் எது தென்பட்டாலும் ஓவனை நிறுத்திவிட்டு அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று ஷரத்தில் இருக்கிறது. சொன்னதற்காக அவர் மேல் குற்றம் சுமத்தக் கூடாது என்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வேலை செய்யாது.

இன்னும் ஆபத்தான ஒன்று உண்டு. ஓவனும் ஏசியும் சேர்ந்து ஓடும்போது எம்.சி.பி. அடிக்கடி விழும். அவசரத்துக்கு வரும் எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 மாட்டிக் கொடுப்பார். அதற்குப் பிறகு அது விழாது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் போகும் கம்பியைக் காப்பாற்றத்தான். மெல்லிய கம்பி அப்படியே இருக்க, காவலை மட்டும் தளர்த்தினால் கம்பி சுவருக்குள்ளேயே சூடேறும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே இப்படி எழுதினோம்: ‘ஓவனை 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டுமே, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் பயன்படுத்த வேண்டும். எம்.சி.பி.யின் அளவை மாற்றக் கூடாது. கூடுதல் லைன் தேவைப்பட்டால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு, வாடகைதாரர் செலவில் போட வேண்டும். அந்த லைன் வீட்டோடு நின்றுவிடும்.’

மின்சாரத்தில் பணச் சிக்கலும் இருக்கிறது. வீட்டு இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமில்லாத பயன்பாடு. அதைக் கண்டுபிடித்தால், அதற்குரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் கடிதம் அவருக்குத்தான் வரும். வீட்டின் ஒரு மூலையில் அளவாக நடக்கும் வேலைக்கும் கடையாகவே மாறிவிட்ட வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதால், தொழில் தொடங்கும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, எந்தக் கட்டண வகை பொருந்தும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது வாடகைதாரர் பொறுப்பு என்று எழுதினோம். தொழிலின் காரணமாக மின்கட்டணத்திலோ சொத்துவரியிலோ கூடுதல் வந்தால் அதையும் அவரே கட்ட வேண்டும் என்று தொடர்ந்தோம்.

எரிவாயுவுக்கு ஒரே வரிதான். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை. 19 கிலோ வணிக சிலிண்டரை மாடி வீட்டுச் சமையலறையில் வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்கச் சொல்ல மாட்டேன். எனவே விற்பனைக்கான சமையல் மின் ஓவனில் மட்டும்.

வடிகாலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெண்ணெயும் கிரீமும் சூடான தண்ணீரில் கரைந்து போவதுபோல் சிங்க்கில் போய்விடும். குழாயின் வளைவில் ஆறியதும் மெழுகுபோல் உறையும். நாயின் ரோமமும் அதே வீட்டில் இருந்தால் குளியலறை வடிகாலில் இரண்டும் பின்னிக்கொள்ளும். தண்ணீர் இறங்கும்போது ‘களக் களக்’ என்று சத்தம் வந்தாலே அடைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பாத்திரத்தின் கொழுப்பைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகே கழுவ வேண்டும், குளியலறை வடிகால் வாயில் ரோமம் பிடிக்கும் வலை போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிங்க்கின் அடிக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதினோம். 

ஆட்கள் வருவதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது, பெயர்ப்பலகை கூடாது, கேக் எடுக்க வருவோர் காலை எட்டிலிருந்து இரவு எட்டுக்குள் வர வேண்டும். அவ்வளவுதான்.

விலாசத்தைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டால் பின்னால் வருத்தப்படுவோம். உணவு விற்பவர் சிறியவராக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். அதில் இந்த வீட்டு விலாசம் ஏறும். ஜி.எஸ்.டி. எடுத்தாலும் அப்படித்தான். வாடகைதாரர் போன பிறகும் விலாசம் அங்கேயே நின்றால், நோட்டீசும் அதிகாரிகளும் பழைய வீட்டைத்தான் தேடி வருவார்கள். ஆகவே, ‘பதிவுகளுக்கு உரிமையாளர் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம் இவ்வொப்பந்தத்தோடு முடிவடையும், காலி செய்த 30 நாட்களுக்குள் எல்லாப் பதிவுகளிலும் விலாசத்தை மாற்றி அத்தாட்சி தர வேண்டும்.’

இத்தனை நிபந்தனைகளையும் மீறினால் என்ன செய்வது? இந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் கோபத்தில் எழுதச் சொல்லும் சில வரிகள் சட்டத்தில் நிற்காது. ‘மீறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம்’ என்பது அதில் ஒன்று. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். ‘தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாம்’ என்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நேரடியாகத் தடுக்கிறது. வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து பார்க்கவும் முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். ‘உடனே நாயை வெளியேற்ற வேண்டும்’ என்றும் எழுத வேண்டாம். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வாடகைதாரரை அந்த நிலைக்குத் தள்ளும் வரி எனக்கு மனதுக்கும் ஒப்பாது.

அதற்குப் பதில் படிப்படியாக எழுதினோம். சேதம் தெரிந்தால் எழுத்தில் அறிவிப்பு. ஏழு நாளில் வேலையைத் தொடங்கி 21 நாளில் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் உரிமையாளர் சரிசெய்து ரசீதோடு வசூலிப்பார். ஒரே காரணத்துக்காக ஆறு மாதத்தில் மூன்றாம் முறை அறிவிப்புக் கொடுக்க நேர்ந்தால் அனுமதியைத் திரும்பப் பெறலாம். பிராணிக்கு வேறு இடம் தேட 60 நாள் அவகாசம்.

அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்பதுதான் கடைசிச் சண்டை. நாய்க்கென்று தனியாக ஒரு மாத வாடகை கேட்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். மூன்று மாத வாடகை என்பதே அந்த 2017 சட்டம் முன்பணத்துக்கு வைத்திருக்கும் அளவு. 66,000 ஏற்கெனவே அந்த அளவைத் தொட்டுவிட்டது. அதனால் கூடுதல் தொகை வேண்டாம் என்றேன். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வீட்டுக்காரர் பக்கம் இருக்கின்றன. கொசுவலையும் ஜன்னல் கண்ணாடியும் வாடகைதாரர் பக்கம். ஆகவே நாய் இருந்தது என்பதற்காக முழு வீட்டுக்கும் பெயின்ட் செலவைப் பிடிக்க முடியாது. தேய்மானத்தைத் தாண்டிய சேதத்துக்கு மட்டுமே பிடிக்கலாம்.

தேய்மானத்தையும் முன்கூட்டியே கணக்காக எழுதினோம். கதவு பாலிஷுக்கு ஐந்து ஆண்டு ஆயுள் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். குடிவந்த அன்று ஒவ்வொரு கதவையும், தரையையும், பிளக்கையும் தேதியோடு படமெடுத்து இருவரும் கையெழுத்திட்டு, அனுமதி ஷரத்துகளையும் அதையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்தோம். ஒப்பந்தத்தைச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பிலும் பதிவு செய்தோம்.

அவர்கள் இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். நடுவில் ஒருமுறை அந்தப் பெண் தானாகவே கீழே இறங்கி வந்து, “ஆன்ட்டி, பவர் பிளக் சுடுது, ஓவனை நிறுத்திட்டேன்” என்று சொல்லியிருக்கிறார். முனை தளர்ந்திருந்தது. புது பிளக்கோடு ஒரு மணி நேர வேலை.

காலி செய்த அன்று நானும் போயிருந்தேன். ஜன்னல்களை இரவு முழுக்க மூடிவைத்துவிட்டுக் காலையில் திறந்தோம். பழைய சிறுநீர் நெடி இருந்தால் அப்போதுதான் முகத்தில் அடிக்கும். பிறகு அறையை இருட்டாக்கி புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தோம். காய்ந்த சிறுநீர்க் கறை அந்த வெளிச்சத்தில் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். பால்கனிக் கதவருகே இரண்டு டைல்ஸ் இடுக்கில் மட்டும் தெரிந்தது. என்சைம் திரவம் போட்டுத் துடைத்ததும் போய்விட்டது. தேக்குக் கதவில் தகட்டை எடுத்தபோது கீழே பளபளப்பு அப்படியே இருந்தது. உள் அறையின் கதவில் தகடு ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. அதில் ஆழமான கீறல்கள். மறுபாலிஷுக்கு 6,000 ரூபாய். ஐந்து ஆண்டு ஆயுளில் இரண்டு கழிந்தது போக, மீதி மூன்று பங்கு, 3,600. அதைப் பிடித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டிய மீதி 62,400 ரூபாயை அம்மா அன்றைக்கே கொடுத்துவிட்டார். உண்ணி மருந்தடித்த ரசீதை வாங்கிக்கொண்டார். விலாசம் மாற்றிய அத்தாட்சி மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது.

அடுத்த மாதம் பூனையோடு ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. அம்மா எனக்கு போன் செய்து, “அந்த ஸ்டீல் கொசுவலை பத்தி எழுதுவேன்னு சொன்னியே தம்பி, அதோட உள் ரூம் கதவுக்கும் தகடுன்னு சேர்த்துடு” என்றார்.